தொண்ணூற்றொரு மணி நேரத்தின் விலை

1931ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, பட்டணத்து உத்தியோகஸ்தர் ஒருவர் பட்டணத்திலேயே குடியிருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் தளர்ந்தது. பின்னர் மின்கம்பி செங்கற்பட்டு வரையில் நீண்டது. தாம்பரம் கிராமமாயிருந்த காலத்தை நினைவில் வைத்திருப்போர் அருகிப்போயினர். கிண்டியில் 1958ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை எழுந்தது. ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து நாள்தோறும் வந்து போவது ஒரு சாகசமாக இல்லாமல், சாதாரண ஜீவன முறைகளுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. ரயில் தூரத்தைச் சுருக்கிற்று என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது சுருக்கியது கட்டணத்தைத்தான். தூரத்தின் மற்றொரு விலையாகிய நேரத்தை, கூலி கொடுக்காமல், பிரயாணியிடமிருந்தே அது வசூலித்துக்கொண்டு வருகிறது.

அந்த வசூலின் தொகை எவ்வளவு, அதைக் கழித்த பின்னும் பட்டணத்துச் சம்பளம் ஊர்ச் சம்பளத்தைவிட உயர்ந்ததாக நிற்கிறதா என்பதே நமது விசாரணை. பொதுப்படையாகப் பேசினால் இதற்கு எந்தப் பதிலும் பொருந்தும். ஆகையால் ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு, அவருடைய மாதக் கணக்கை இறுதிவரை போட்டுப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. கீழே வரும் மனிதர் நான் உதாரணத்துக்காக அமைத்துக்கொண்டவர். அவருக்கு நான் தரும் செலவுத் தொகைகளும் உத்தேசமானவையே. ஆனால் செங்கற்பட்டு நிலையத்தின் நடைமேடையில் காலை ஏழே காலுக்கு நின்று பார்க்கும் எவருக்கும், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் அவரை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் இராது.

அவர் செங்கற்பட்டில் ஒரு சிறிய ஸ்தாபனத்தில் கணக்கர், சொந்த வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதச் சம்பளம் 20,500 ரூபாய். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் சைக்கிளில் பத்து நிமிஷம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரையில் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் போவார். மாதத்தில் வேலை நாட்கள் 26. கிண்டியிலுள்ள ஒரு தொழிற்சாலை, ஏறக்குறைய இதே வேலைக்கு, இதே வேலை நேரத்துக்கு, 30,000 ரூபாய் தருவதாக அவருக்கு எழுதியிருக்கிறது. வித்தியாசம் 9,500 ரூபாய். உறவினர் அனைவரும், யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

யோசிக்க வேண்டியது அந்த 30,000 என்ற எண்ணிலேயே தொடங்குகிறது. கடிதத்தில் கண்டிருப்பது சம்பளமன்று. இக்காலத்தில் எல்லாரும் சி.டி.சி. என்று வழங்குகிறார்களே, அந்தத் தொகை, அதாவது இவருக்காக முதலாளி செலவிடும் எல்லாவற்றின் கூட்டு. வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு, அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று கொண்டால் அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 1,800 ரூபாய், அதற்குள் அடக்கம். பணிக்கொடைக்கென்று ஒதுக்கும் 721 ரூபாயும் அடக்கம். ஓர் ஆண்டுச் சேவைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்ற சட்டக் கணக்குப்படி வருவது அது. நிரந்தர ஊழியர் ஐந்தாண்டு முடியுமுன் தாமாக விலகினால் பொதுவாக அது அவர் கைக்கு வருவதே இல்லை. இவ்விரண்டையும் நீக்கினால் நிற்பது 27,479. அதிலிருந்து இவருடைய சொந்த வைப்பு நிதிப் பங்கு 1,800 போனால், மாத முடிவில் வங்கிக் கணக்கில் விழுவது 25,679 ரூபாய்.

பழைய 20,500 அப்படிப்பட்டதன்று. அது பிடித்தத்துக்கு முன்புள்ள முழுச் சம்பளம். முதலாளியின் பங்குகள் அதற்கு வெளியே இருக்கின்றன. அதிலிருந்து வைப்பு நிதி 1,800, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சந்தா நூற்றுக்கு முக்கால் வீதம் 154, இவை போகக் கையில் வருவது 18,546. வைப்பு நிதி இருபுறமும் ஒரே தொகையாகையால் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. வருமான வரி இவ்விரண்டு சம்பளங்களுக்கும் இல்லை. ஆகவே உண்மையான உயர்வு 7,133 ரூபாய். இவர் இன்னும் ரயிலேறவில்லை. அதற்குள் உயர்வில் கால் பங்கு கரைந்துவிட்டது. ஒரு வஸ்துவை உமியோடும் மற்றொன்றை உமி நீக்கியும் நிறுத்துப் பார்த்ததனால் விளைந்த மயக்கம் இது; வேலை மாறுகிறவர்களுள் பெரும்பாலோர் இதில் சிக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

காப்பீட்டைப் பற்றிச் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் செலவுக் கணக்கு எழுதுகிறவர்கள் பெட்ரோலை மறப்பதில்லை, இதை மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கே தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் அந்த வரம்பு இதுவே. 154 ரூபாய்ச் சந்தாவுக்கு ஈடாக இவருக்கும் மனைவி மக்களுக்கும் வைத்தியம் கிடைத்து வந்தது. நோயுற்றுப் படுத்தால் ஆண்டில் 91 நாள் வரையில் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதம் கிடைக்கும் என்ற பாதுகாப்பும் இருந்தது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் வரிசையைப் பற்றி யாருக்கும் குறை இருக்கலாம். ஆனால் பெரிய வியாதி வந்த குடும்பத்தைக் கேட்டால் அந்த வரிசையின் மதிப்பைச் சொல்வார்கள். புதிய சம்பளம் வரம்பைத் தாண்டியதனால் அந்தக் குடை மடங்கிவிடுகிறது. புதிய முதலாளி ஊழியருக்கு மட்டும் காப்பீடு எடுத்துக் குடும்பத்தை விட்டுவிடுவாரானால், நான்கு பேருக்குமாக ஒரு தனியார் பாலிசி எடுக்க மாதத்துக்கு 1,400 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்குச் சற்றுக் கீழே சம்பளம் வாங்குகிறவர் வரம்பைத் தாண்டும்போது முதற்படியில் ஏறுவதில்லை, இறங்குகிறார் என்பது கவனிக்கத் தக்கது.

இனிப் பிரயாணச் செலவு. வேடிக்கை என்னவென்றால், ரயில் கட்டணம் இதில் மிகச் சிறிய பகுதி. மாத சீசன் டிக்கெட்டுக்கு 300 ரூபாய் என்று எழுதிக்கொண்டால் தாராளமாகவே எழுதியதாகும். செலவெல்லாம் ரயிலின் இரண்டு முனைகளில் இருக்கிறது. வீட்டிலிருந்து நிலையம் மூன்று கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் போய் வர மாதம் 350 ரூபாய் பெட்ரோல், டயருக்கும் எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் 150, ஸ்டாண்டு வாடகை 400. கிண்டியில் இறங்கித் தொழிற்சாலைக்கு ஷேர் ஆட்டோவில் போக ஒரு தடவைக்குப் பதினைந்து ரூபாய், மாதத்துக்கு 780. மாலை நேரத்து டீயும் வடையும் நாளொன்றுக்கு 40 ரூபாய், மாதத்துக்கு 1,040. வீட்டில் சமைக்க முடியாமற்போகும் ஐந்து நாட்களுக்கு ஓட்டல் சாப்பாடு 450. ரயில் தவறியோ ஓடாமலோ போய், பஸ்ஸும் ஆட்டோவுமாக ஓடவேண்டிய இரண்டு நாட்களுக்கு 500.

டீயையும் வடையையும் பிரயாணச் செலவில் சேர்ப்பது நியாயமா என்று கண்டிப்பான கணக்கர் ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஊரில் வேலை பார்த்தபோது மாலை ஐந்தே முக்காலுக்கு இவர் வீட்டிலே காபி குடித்தார். இப்பொழுது ஏழரைக்குத்தான் வீடு சேர்கிறார். இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு வருகிறார். அந்த டீ நாக்கின் சபலமன்று, நிற்பதற்குக் கொடுக்கும் கட்டணம். ஒரு செலவு பிரயாணத்தைச் சேர்ந்ததா அல்லவா என்று தெரிந்துகொள்ள ஒரே சோதனைதான் உண்டு: வேலை பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் அந்தச் செலவு நேர்ந்திருக்குமா? நேர்ந்திராது என்றால் அது பிரயாணத்தின் பற்றுக்குரியது.

ஆக, பிரயாணத்தின் பேரில் 3,970, காப்பீட்டுக்கு 1,400, கூட்டினால் 5,370. இதை 7,133இலிருந்து கழித்தால் மாதத்துக்கு 1,763 ரூபாய் மிஞ்சுகிறது. ஒன்பதினாயிரத்து ஐந்நூறு என்று தொடங்கிய தொகை, ஒரு நாளைக்கு அறுபத்தெட்டு ரூபாயாக வந்து நிற்கிறது. இன்னமும் இது லாபந்தான். நேரத்துக்கு விலை இல்லை என்று நினைக்கிறவர் இத்துடன் நிறுத்திக்கொண்டு கிண்டிக்குப் போகலாம்.

நேரத்துக்கு விலை உண்டு என்பதைப் பொருளாதார சாஸ்திரம் வெகு தாமதமாகவே முறையாக எழுதிவைத்தது. 1965ஆம் ஆண்டில் கேரி பெக்கர் என்ற அமெரிக்க அறிஞர், ஒரு மனிதன் நுகரும் ஒவ்வொன்றின் அடக்க விலையிலும் பணமும் காலமும் சேர்ந்தே இருக்கின்றன என்றும், குடும்பம் என்பது இவ்விரண்டையும் கலந்து உற்பத்தி செய்யும் ஒரு சிறு தொழிற்சாலை என்றும் நிறுவினார். நம்முடைய பாட்டிமார்களுக்கு இது தெரியாத விஷயமன்று. ஆனால் காலத்துக்கு ஒரு தொகை போட்டு வரவு செலவில் எழுதலாம் என்ற துணிவு அப்பொழுதுதான் வந்தது.

நமது கணக்கரின் நேரத்தை எண்ணுவோம். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போய் வண்டியை நிறுத்தப் பதினைந்து நிமிஷம், நடைமேடையில் பத்து, ரயிலில் எழுபது, கிண்டியிலிருந்து தொழிற்சாலை வாயில் வரையில் இருபது. ஒரு வழிக்கு ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிஷம், இருவழிக்கும் மூன்று மணி ஐம்பது நிமிஷம். சைக்கிளில் போன இருபது நிமிஷத்தை நீக்கினால் நாளொன்றுக்குக் கூடுதலாகப் போவது மூன்றரை மணி நேரம். இருபத்தாறு நாளைக்கு 91 மணி நேரம். இந்த 91 மணி நேரத்துக்குக் கிடைப்பது மேலே கண்ட 1,763 ரூபாய். ஒரு மணிக்குப் பத்தொன்பது ரூபாய் சில்லறை.

இதை எதனோடு ஒப்பிடுவது? அவருடைய சொந்தப் பழைய விலையோடுதான். ஊரில் எட்டரை மணி வேலையும் இருபது நிமிஷச் சைக்கிளும் சேர்ந்து மாதத்துக்குச் சுமார் 230 மணி நேரம் கொடுத்து 18,546 ரூபாய் பெற்றார். மணிக்கு ஏறக்குறைய 81 ரூபாய். ஆகவே எண்பத்தொரு ரூபாய்க்குத் தம் நேரத்தை விற்றுவந்த ஒருவர், மேலும் 91 மணி நேரத்தைப் பத்தொன்பது ரூபாய்க்கு விற்க முன்வருகிறார். அதற்குச் சம்பள உயர்வு என்று பெயர். வீட்டாரின் ஆனந்தத்துக்குக் காரணம் சராசரியை அவர்கள் பார்ப்பது. பார்க்க வேண்டியதோ கடைசியாகச் சேர்ந்த மணி நேரத்தின் கூலி.

ஆனால் 81 ரூபாயை அப்படியே அளவுகோலாக வைப்பதும் மிகையாகும். பிரயாண நேரம் முழுவதும் நஷ்டம் அன்று. ரயிலில் தூங்கலாம், படிக்கலாம், சீட்டாடலாம், ஒன்றும் செய்யாமல் பாலாற்றுக்கு இப்பாலுள்ள ஏரிகளைப் பார்த்துக்கொண்டும் வரலாம். மனிதர்கள் விரைவான வழிக்கு அதிகக் கட்டணமும் மெதுவான வழிக்குக் குறைந்த கட்டணமும் இருக்கும்போது எதைத் தேர்கிறார்கள் என்று அறிஞர்கள் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, சாலைத் திட்டங்களின் பயனைக் கணிக்கும்போது, உள்ளூரில் சொந்த நிமித்தமாகச் செய்யும் பிரயாணத்தின் ஒரு மணி நேரத்தை வருமானத்தின் மணிக்கூலியில் பாதி என்று கொள்கிறது. இந்தப் பாதி என்ற விகிதத்தை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் தொடங்குவதற்கு இது ஒரு நல்ல இடம்.

பாதியா, முழுதா என்பதைத் தீர்மானிப்பது உட்கார இடம் கிடைக்கிறதா என்பது. செங்கற்பட்டிலிருந்தே புறப்படும் வண்டியில் காலையில் நம் கணக்கருக்கு ஜன்னலோரம் கிடைக்கும். அந்த எழுபது நிமிஷத்தைப் பாதி விலைக்கும் குறைத்தே மதிக்கலாம். மாலையில் கடற்கரையிலிருந்து வரும் வண்டி கிண்டிக்குள் நுழையும்போதே நிரம்பியிருக்கிறது. தாம்பரம் வரையிலாவது ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அன்றியும் பல வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதனால், அதற்கு அப்பால் போகிறவர் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்துக்கிடக்க நேரிடும். அந்த மாலை நேரத்தை முழு விலைக்கு மதித்தாலும் தவறில்லை.

மற்றொரு நேரமும் இருக்கிறது. அது எந்தக் கால அட்டவணையிலும் அகப்படாது. தொழிற்சாலையில் மூன்று நாள் தாமதித்து வந்தால் அரை நாள் விடுப்பைக் கழிக்கும் வழக்கம் இருக்குமானால், ஒன்பது மணிக்குப் போய்ச் சேர ஏழரைக்குள் வண்டி பிடிக்க வேண்டியவர், அதற்கு முந்தின வண்டியில் போகவே முற்படுவார். ரயில் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும் நாட்களிலும் அந்த முன்ஜாக்கிரதை நேரம் செலவாகிக்கொண்டேதான் இருக்கும். ஆகையால் பிரயாணத்தின் சராசரி நேரத்தைக் கேட்பதைவிட, பத்து நாளில் ஒன்பது நாள் தாமதமின்றிப் போய்ச் சேர எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்பதே விவேகம். நான் மேலே கொண்ட ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிஷம், சராசரி நாளுக்குரியதுதான், கெட்ட நாளுக்குரியதன்று.

இத்தனை கஷ்டமும் உண்மையானால், மனிதர்கள் ஏன் தூரத்திலிருந்து வருகிறார்கள்? நகரப் பொருளாதாரத்தின் பழைய சித்தாந்தம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. வில்லியம் அலோன்ஸோ 1964இல் வெளியிட்ட நூலில் விளக்கியபடி, நகரின் மையத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை குறைகிறது. தூரத்தில் குடியிருப்பவன் பிரயாணத்தில் இழப்பதை வாடகையில் மீட்டுக்கொள்கிறான். ஆகையால் அருகில் இருப்பவனும் தொலைவில் இருப்பவனும் இறுதியில் சமமாகவே வாழ்கிறார்கள். நம் கணக்கர் விஷயத்தில் இதில் ஓர் உண்மை இருக்கிறது: ஆதம்பாக்கத்தில் 12,000 ரூபாய் வாடகைக்குக் குடிபோனால் பிரயாணம் ஒழியும், ஆனால் வாடகையே சம்பள உயர்வைத் தின்று தீர்த்து மேலும் கைப்பிடிக்கும். சொந்த வீட்டை விடாமல் பட்டணத்துச் சம்பளம் வாங்குவதற்கு அவர் செலுத்தும் வாடகைதான் அந்த 91 மணி நேரம்.

இருபுறமும் சமன் என்ற முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அலாய்ஸ் ஸ்டட்ஸர், புரூனோ பிரை என்ற ஸ்விட்ஸர்லாந்து அறிஞர் இருவர், ஜெர்மனியில் பல்லாண்டுகளாக அதே குடும்பங்களை விசாரித்துத் தொகுத்த புள்ளிவிவரங்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். சித்தாந்தம் மெய்யானால், நெடுந்தூரம் போகிறவர்களின் வாழ்க்கைத் திருப்தி மற்றவர்களுடையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆனால் பிரயாண நேரம் கூடக் கூட அது குறைந்தே காணப்பட்டது. 2008இல் வெளியான அந்த ஆய்வு, சம்பளமும் வீடும் பிரயாணத்தின் கஷ்டத்தை முற்றும் ஈடுசெய்வதில்லை என்று காட்டிற்று. அதற்கு நான்காண்டு முன்பு டேனியல் கானெமனும் அவருடைய சகாக்களும் டெக்ஸஸில் உத்தியோகம் பார்க்கும் 909 பெண்களை, முந்தின நாளைச் சிறு சிறு நிகழ்ச்சிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மனநிலை எப்படியிருந்தது என்று நினைவுகூரச் செய்தபோது, காலையில் வேலைக்குப் போகும் பிரயாணம் எல்லாவற்றிலும் கடைசி இடத்தைப் பெற்றது. ஜெர்மனியின் நிலைமையும் டெக்ஸஸின் கார்ப் பிரயாணமும் செங்கற்பட்டு ரயிலுக்கு அப்படியே பொருந்தா. நம் வண்டியில் நண்பர் குழாம் உண்டு, பஜனைகூட உண்டு. எனினும் ஒரு காரணம் எங்கும் பொதுவானது என்று எனக்குத் தோன்றுகிறது. சம்பள உயர்வு மூன்றாம் மாதத்தில் பழகிவிடுகிறது. மூன்றாம் வருஷத்திலும் வண்டியின் தாமதம் ஒவ்வொரு நாளும் புதிதாகவே வந்து தைக்கிறது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் மனிதன் முன்னதை அதிகமாகவும் பின்னதைக் குறைவாகவும் எடைபோடுகிறான்.

அந்த 91 மணி நேரம் முழுவதையும் அவரே கொடுப்பதாகச் சொல்வதும் சரியன்று. ஆறே முக்காலுக்கு அவர் வாசலைத் தாண்ட வேண்டுமானால், சாதமும் குழம்பும் ஆறரைக்குள் டப்பாவில் இறங்கியாக வேண்டும். அதற்காக ஐந்து மணிக்கு எழுகிறவர் வேறொருவர். மாலையில் பிள்ளைகளின் பாடத்தைப் பார்ப்பதும் கரண்டுக்கும் தண்ணீருக்கும் ஓடுவதும் அவர் கையிலிருந்து மனைவியின் கைக்கு மாறுகின்றன. அந்த அம்மாளே வேலைக்குப் போக நினைத்தால், இந்த ஏற்பாட்டில் அவருக்குக் கிடைப்பது செங்கற்பட்டிலுள்ள பக்கத்து வேலைதான், எத்தனை குறைந்த சம்பளமானாலும். பிரான்ஸில் வேலை தேடுவோரின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பெண்கள் குறைந்த சம்பளத்துக்கு இசைந்தேனும் அருகிலுள்ள வேலையையே ஆண்களைவிட அதிகமாக நாடுகிறார்கள் என்றும், ஆண் பெண் சம்பள வித்தியாசத்தில் ஒரு பகுதிக்கு இது காரணம் என்றும் காட்டியது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பணத்தின் தடையை நீக்கிற்று. ஆயினும் நேரத்தின் தடை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எதிர்ப்பக்கத்து வாதத்தில் வலுவானது ஒன்று உண்டு. அதை மறைத்தால் இந்தக் கணக்கு வக்கீல் வாதமாகிவிடும். இதுவரை நாம் பார்த்தது முதல் மாதம். செங்கற்பட்டு ஸ்தாபனம் ஆண்டுக்கு 800 ரூபாய் உயர்வு தருகிறது, கிண்டித் தொழிற்சாலை 2,500 தருகிறது, காப்பீட்டு வரம்பும் உயர்ந்து பழைய வேலையில் காப்பீடு தொடர்கிறது என்றால், ஒவ்வோராண்டும் இடைவெளி 1,700 ரூபாய் அகலும். பிரயாணச் செலவோ பெரிதாகக் கூடாது, நேரமோ அறவே கூடாது. ஓராண்டு கழிந்தால் மிச்சம் 3,463. மணிக்கு 38 ரூபாய். பழைய வேலையின் மணிக்கூலியும் அதற்குள் 84 ஆகியிருக்கும், அதில் பாதி 42, இன்னும் எட்டவில்லை. இரண்டாண்டு முடிந்தால் மிச்சம் 5,163. மணிக்கு 57 ரூபாய். பாதி விலையாகிய 44ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே உயர்வு வாய்ச்சொல்லாக இல்லாமல் நிச்சயமாக இருக்குமானால், இரண்டாண்டு நஷ்டத்தைத் தாங்கிப் பிறகு லாபத்தில் நடக்கும் வியாபாரம் இது. அத்துடன், ஒன்றிரண்டு முதலாளிகளே உள்ள சிற்றூரில் ஒரு ஸ்தாபனம் மூடினால் கணக்கருக்குப் போக்கிடம் இல்லை. கிண்டியில் அடுத்த கட்டடத்திலேயே மற்றொரு வேலை இருக்கக்கூடும். அந்தச் சௌகரியத்துக்கு என்னால் ரூபாயில் மதிப்புப் போட முடியவில்லை. ஆனால் அது பூஜ்யமல்ல.

கணக்கைத் திருப்பிப் போட்டால் கேட்க வேண்டிய தொகை கிடைக்கும். நேரத்தைப் பாதி விலைக்கு, அதாவது மணிக்கு 40 ரூபாய் வீதம் மதித்தால் 91 மணிக்கு 3,640. செலவு 5,370ஐக் கூட்டினால் 9,010. கையில் வரும் சம்பளம் இவ்வளவு உயர வேண்டுமானால், கடிதத்தில் எழுதியிருக்கும் தொகை ஏறக்குறைய 32,000 ஆக இருக்க வேண்டும். முழு விலைக்கு மதித்தால் அதுவே 35,600 ஆகிறது. குடும்பத்துக்கும் காப்பீடு தர முதலாளி இசைந்தால் இரண்டு தொகையிலும் 1,400 குறையும். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்தே கணக்கெழுத அநுமதித்தால் மாதத்துக்குப் பதினைந்து மணி நேரம் மீளும். முதலாளிகள் சம்பளத்தில் காட்டும் இறுக்கத்தை இவ்விரண்டிலும் காட்டுவதில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

வாசகர் தம் கணக்கைப் போடும்போது என் தொகைகளை விட்டுவிட்டுத் தம்முடைய தொகைகளையே எழுத வேண்டும். நிலையத்துக்கு நடந்தே போகக்கூடியவருக்கும், கிண்டியில் நிலையத்துக்கு எதிரிலேயே அலுவலகம் உள்ளவருக்கும் விடை வேறாக வரும். நமது கணக்கரைப் பொறுத்த வரையில் என் தீர்ப்பு இது: 30,000க்கு அவர் போக வேண்டாம். குடும்பக் காப்பீட்டோடு 32,000 என்று எழுதிக் கொடுத்தால், ஆண்டு உயர்வையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். எழுதிக் கொடுக்க மறுத்தால் செங்கற்பட்டுச் சைக்கிளே மேல்.